எடை குறையவே இல்லை, ஆனாலும் ஆறு மாதமாகச் சோர்வு: சாப்பாடு போதாததுதான் காரணமா?

விடியல்ஓட்டம், பிப்ரவரி 3, இரவு 10.40

வயது 36, ஆண், 64 கிலோ. வாரத்துக்கு ஐந்து நாள் ஓட்டம், மொத்தம் 60 கி.மீ. இரண்டு நாள் ஜிம். நான்கு வருடமாக இதே பழக்கம்தான். கடந்த ஆறு மாதமாக ஏதோ சரியில்லை. ஓட முடியவில்லை என்று சொல்ல மாட்டேன், ஓடிவிடுகிறேன். ஆனால் முன்பு பேசிக்கொண்டே ஓடிய வேகத்துக்கு இப்போது பல்லைக் கடிக்க வேண்டியிருக்கிறது. நேற்றுக் காலை ஷூ லேஸைக் கட்டிவிட்டு வாசல் படியில் உட்கார்ந்தவன் பத்து நிமிடம் எழவே இல்லை. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. எழ வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். மனசும் அப்படித்தான் கிடக்கிறது. பிடித்த ஆட்களோடு பேசக்கூட அலுப்பு.

கூட ஓடும் நண்பர் ஒருவர், "நீ சாப்பிடுவது போதவில்லை" என்கிறார். எனக்கு ஒப்பவில்லை. எட்டு மாதமாக வாரம் தவறாமல் எடை பார்த்துக் குறித்து வைத்திருக்கிறேன். 63.5க்குக் கீழே போனதில்லை, 64.5க்கு மேலே ஏறியதும் இல்லை. சாப்பாடு குறைவாக இருந்தால் எடை இறங்கியிருக்க வேண்டாமா? இறங்கவில்லை என்றால் போதுமான அளவு சாப்பிடுகிறேன் என்றுதானே அர்த்தம்? இதுதான் கேள்வி.

விசில், பிப்ரவரி 4, காலை 5.55

இருபது வருடம் பிள்ளைகளை ஓட வைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இது அளவுக்கு மீறிய பயிற்சி. சாப்பாட்டைக் கிளற வேண்டாம். இரண்டு வாரம் ஷூவைத் தொடாதே தம்பி. தானாகச் சரியாகும்.

புதுவரவு, பிப்ரவரி 4, காலை 9.12

எனக்கும் ஜிம்மில் சேர்ந்ததிலிருந்து சோர்வுதான். எடையை எட்டு மாதமாக ஒரே அளவில் எப்படி வைத்திருக்கிறீர்கள்? நான் 82லிருந்து 70க்கு வர வேண்டும். எந்தப் புரதப் பொடி நல்லது?

விடியல்ஓட்டம், பிப்ரவரி 4, மதியம் 1.30

புதுவரவு, என் கேள்வி எடையைக் குறைப்பது பற்றியது இல்லை. உங்களுக்குத் தனி இழை தொடங்குங்கள், வந்து பதில் சொல்கிறேன்.

விசில் சார், டிசம்பரில் சளி பிடித்துப் பன்னிரண்டு நாள் ஓடாமல் இருந்தேன். திரும்பி வந்தபோது ஒரு வாரம் நன்றாக இருந்தது. அப்புறம் பழையபடிதான். ஓய்வு மட்டும் போதும் என்றால் ஏன் ஒரே வாரத்தில் திரும்பியது?

கரண்டி, பிப்ரவரி 4, இரவு 9.05

விளையாட்டு வீரர்களுக்கு உணவுத் திட்டம் போடுவது என் வேலை. எடை இறங்காததை வைத்து, சாப்பாடு போதும் என்று முடிவு கட்ட முடியாது. இந்த ஒரு இடத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள்.

வருமானம் குறைந்த குடும்பம் கடன் வாங்காமலும் காலம் தள்ளும். வெள்ளை அடிப்பதைத் தள்ளிப்போடும், ஒழுகும் கூரையை அப்படியே விடும், ஒரு விளக்கை அணைத்து வைக்கும். கணக்குப் புத்தகத்தில் வரவும் செலவும் சமமாகத்தான் இருக்கும். ஆனால் வீடு பழுதாகிக்கொண்டிருக்கும். உடலும் அப்படித்தான். ஓட்டத்துக்குப் போக மிஞ்சும் ஆற்றல் போதாவிட்டால், உடனே உயிருக்கு அவசியமில்லாத வேலைகளை ஒவ்வொன்றாகக் குறைக்கும். தைராய்டு சுரப்பு, பாலியல் ஹார்மோன்கள், எலும்பு வளர்ப்பு, உடல் சூடு, நாள் முழுவதும் நம்மை அறியாமல் செய்யும் சின்னச் சின்ன அசைவுகள். செலவு இறங்கி வந்து வரவோடு சேர்ந்துகொள்ளும். தராசு முள் நகராது.

இதற்கு ரெட்-எஸ் என்று பெயர். 2014ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் நிபுணர் குழு வைத்த பெயர். முன்பெல்லாம் பெண்களுக்கு மட்டும் வருவதாகப் பேசினார்கள், இந்தப் பெயர் வைத்தபோது ஆண்களையும் சேர்த்தார்கள்.

உங்களுக்கு இதுதான் என்று நான் சொல்லவில்லை. சில கேள்விகளுக்கு ஒளிக்காமல் பதில் சொல்லுங்கள். மற்றவர்களை விட உங்களுக்குக் குளிர்கிறதா? இரவில் விழிப்பு வருகிறதா? காலை எழும்போது ஆணுறுப்பில் முன்பு இருந்த விறைப்பு இப்போதும் இருக்கிறதா? கடந்த இரண்டு வருடத்தில் எலும்பில் ஏதாவது காயம்? காலை ஓட்டம் முடிந்து எத்தனை மணிக்கு முதல் சாப்பாடு?

விடியல்ஓட்டம், பிப்ரவரி 5, நள்ளிரவு 12.50

படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

குளிர்கிறது. காலையில் விரல்கள் விறைத்துப்போய்ச் சட்டைப் பொத்தான் போட நேரமாகிறது. வயசு என்று நினைத்தேன். இரவு மூன்றரைக்கு விழிப்பு வருகிறது, கடிகாரம் பார்க்காமலே மணி சொல்லிவிடுவேன். அப்புறம் தூக்கம் இல்லை. விறைப்பு எப்போது நின்றது என்றே தெரியவில்லை, மனசு சரியில்லாததால் என்று விட்டுவிட்டேன். போன வருடம் முன்கால் எலும்பில் அழுத்தக் காயம், ஏழு வாரம் ஓடவில்லை. ஐந்தாவது கேள்விதான் என்னை நிமிர வைத்தது. முந்தைய இரவு எட்டு மணிக்குச் சாப்பிடுகிறேன். காலை ஐந்தரைக்கு வெறும் வயிற்றில் ஓட்டம். ஓடி வந்தால் பசிப்பதில்லை. வேலை ஆரம்பித்துப் பதினோரு மணிக்குத்தான் வாயில் ஏதாவது விழும். பதினைந்து மணி நேரம், நடுவில் 12 கி.மீ.

விடியல்ஓட்டம், பிப்ரவரி 6, இரவு 8.20

இணையத்தில் படித்த கணக்கைப் போட்டுப் பார்த்தேன். சாப்பிட்ட கலோரியிலிருந்து பயிற்சிக்குச் செலவான கலோரியைக் கழித்து, கொழுப்பு நீங்கிய எடையால் வகுக்க வேண்டும். எனக்குக் கொழுப்பு சுமார் 14 சதம், அதை எடுத்துவிட்டால் 55 கிலோ. ஆப்பில் குறித்தபடி சாப்பாடு சராசரி 2100. கைக்கடிகாரம் பயிற்சிக்குக் காட்டுவது நாளுக்குச் சராசரி 900. மிச்சம் 1200. வகுத்தால் 22க்குக் கொஞ்சம் கீழே. 30க்குக் கீழே போனால் ஆபத்து, 45 இருந்தால் நல்லது என்று போட்டிருக்கிறார்கள். நண்பர் சொன்னதுதான் சரி போலிருக்கிறது. மூன்று நாளில் என் கட்சியே மாறிவிட்டது.

கரண்டி, பிப்ரவரி 6, இரவு 10.15

இவ்வளவு வேகமாகக் கட்சி மாற வேண்டாம். கணக்கில் இரண்டு ஓட்டை இருக்கிறது, இரண்டுமே உங்கள் எண்ணை இருப்பதை விடக் குறைத்துக் காட்டுபவை.

முதலில் செலவு. ஓட்டத்துக்குக் கைக்கணக்கு, ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கலோரி. 64 பெருக்கல் 60, வாரத்துக்கு 3840, நாளுக்கு 550. ஜிம்மையும் சேர்த்தால் 600. கடிகாரம் 900 காட்டுவது மிகை. சும்மா உட்கார்ந்திருந்தாலும் அந்த நேரத்தில் செலவாகியிருக்கும் கலோரியையும் அது சேர்த்திருக்கலாம். 600 என்று வைத்தால் உங்கள் எண் 27க்கு வந்துவிடும்.

அடுத்தது வரவு. சாப்பிட்டதைக் குறிக்கும்போது எல்லோருமே குறைத்துத்தான் குறிக்கிறோம். ஊற்றிய எண்ணெய், கொறித்தது, அடுத்தவர் தட்டிலிருந்து எடுத்தது எதுவும் ஆப்பில் ஏறாது. நாளுக்கு 300 விட்டுப்போயிருந்தால் நீங்கள் 33. 22, 27, 33, மூன்றுமே நீங்கள்தான். எதை நம்புவீர்கள்?

அந்த 30க்கும் ஒரு எல்லை உண்டு. அது ஆய்வகத்தில், பயிற்சி வீரர்கள் அல்லாத இளம் பெண்களிடம், ஐந்தே நாள் சாப்பாட்டையும் பயிற்சியையும் கட்டுப்படுத்திப் பார்த்த சோதனையிலிருந்து வந்தது. அதற்குக் கீழே போனபோது மாதவிடாயை நடத்தும் ஹார்மோனின் துடிப்பு கலைந்தது. ஆண்களுக்கு அப்படி ஒரு கோடு இன்னும் உறுதியாகவில்லை. அதனால் எண்ணை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். நீங்கள் நேற்று எழுதிய குளிரும், எலும்புக் காயமும், மூன்றரை மணி விழிப்பும்தான் என்னை யோசிக்க வைக்கின்றன.

மலையேறி, பிப்ரவரி 7, காலை 7.40

யாரும் இன்னும் ரத்தப் பரிசோதனை பற்றிப் பேசாதது எனக்குப் பயமாக இருக்கிறது. விடியல் அண்ணா எழுதியதில் பாதி எனக்கும் அப்படியே இருந்தது. சோர்வு, குளிர், எதிலும் ஆர்வம் இல்லாமை. எல்லோரும் சாப்பிடு சாப்பிடு என்றார்கள். இரண்டு மாதம் வயிறு நிறையச் சாப்பிட்டேன், மூன்று கிலோ ஏறியது, படி ஏறினால் மூச்சு வாங்குவது மட்டும் நிற்கவில்லை. கடைசியில் உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்த்தால் 9, ரொம்பக் குறைவு. ஹீமோகுளோபின் ஓரளவு நன்றாக இருந்ததால் அதற்கு முன் பார்த்தவர் அதோடு விட்டுவிட்டார். எனக்கு மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகம், அதுதான் காரணம். இரும்புச்சத்து மாத்திரை எடுத்து மூன்றாவது மாதத்தில் பழைய ஆளானேன். அதனால் முதலில் ரத்தம் பாருங்கள்.

கரண்டி, பிப்ரவரி 7, காலை 8.10

மலையேறி சொல்வது நூற்றுக்கு நூறு. நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ரத்தம் கொடுக்கும் முன் இரண்டு விஷயம். நீண்ட ஓட்டத்துக்கு மறுநாள் கொடுக்க வேண்டாம், உடலில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் உண்மையை விட உயர்ந்து காட்டும். டெஸ்டோஸ்டிரோன் பார்ப்பதாக இருந்தால் காலையிலேயே கொடுங்கள், மாலைக்குள் அளவு இறங்கிவிடும்.

நீச்சல்காரி, பிப்ரவரி 8, மாலை 6.25

படித்ததும் கொஞ்சம் நிம்மதி. தினம் இரண்டு வேளை நீந்துகிறேன், எப்போதும் அலுப்பு. ஆனால் எனக்கு மாதவிடாய் 28 நாளுக்கு ஒரு முறை டாண் என்று வருகிறது, அதனால் சாப்பாடு போதும் என்று எடுத்துக்கொள்கிறேன். கருத்தடை மாத்திரை ஆரம்பித்து இரண்டு வருடத்தில் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை.

கரண்டி, பிப்ரவரி 8, இரவு 7.00

நீச்சல்காரி, மாத்திரை எடுக்கும்போது வரும் ரத்தப்போக்கு உங்கள் உடல் தானாக நடத்தும் மாதவிடாய் இல்லை. மாத்திரையில் இருக்கும் ஹார்மோனை ஒரு வாரம் நிறுத்துவதால் வருவது. சாப்பாடு போதவில்லை என்றாலும் அது தேதி தவறாமல் வரும். அதனால் உங்கள் விஷயத்தில் அதை அத்தாட்சியாக எடுக்க முடியாது. மாத்திரைக்கு முன் எப்படி இருந்தது?

நீச்சல்காரி, பிப்ரவரி 8, இரவு 7.45

ஐந்து மாதம் வரவே இல்லை. அதற்காகத்தான் மாத்திரையே எழுதிக் கொடுத்தார்கள்.

கரண்டி, பிப்ரவரி 8, இரவு 7.50

அப்படியென்றால் தள்ளிப்போடாமல் மகளிர் மருத்துவரிடம் இந்தக் கதையை முழுதாகச் சொல்லுங்கள். நீச்சல் பயிற்சியின் அளவையும் சேர்த்துச் சொல்லுங்கள். எலும்பு அடர்த்தி பார்க்க வேண்டுமா என்றும் கேளுங்கள். நீச்சலில் எலும்பில் எடை விழுவதில்லை, அதுவும் ஒரு காரணம்.

விடியல்ஓட்டம், பிப்ரவரி 16, இரவு 9.30

முடிவு வந்தது. ஹீமோகுளோபின் 14.1. ஃபெரிட்டின் 48. சர்க்கரை, பி12 நன்றாக இருக்கின்றன. தைராய்டை முடுக்கும் டிஎஸ்ஹெச் 2.1, அதுவும் சரி. ஆனால் தைராய்டு ஹார்மோனான டி3 அளவின் அடி விளிம்பில் நிற்கிறது. காலை டெஸ்டோஸ்டிரோன் 265. அந்த ஆய்வகத்தின் கீழ் எல்லையே 300. ஒரு வாரம் கழித்துத் திரும்பக் கொடுத்தேன், 272.

பார்த்த மருத்துவர், "தைராய்டு நார்மல், ஓட்டத்தைக் குறையுங்கள்" என்று அனுப்பிவிட்டார். சாப்பாடு பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. 64 கிலோ ஆளைப் பார்த்தால் பட்டினி கிடப்பவன் மாதிரித் தெரியாதுதான். அதுதான் எனக்கு ஆதங்கம்.

கரண்டி, பிப்ரவரி 16, இரவு 10.20

டிஎஸ்ஹெச் சரியாக இருந்து டி3 மட்டும் இறங்குவது, சுரப்பி கெட்டதால் இல்லாமல் உடல் சிக்கனம் பிடிப்பதால் வரும் படம்தான். டெஸ்டோஸ்டிரோன் இறங்கும்போது மூளையிலிருந்து வரும் எல்ஹெச் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் கோளாறு விதைப்பையில் இல்லை, மேலிடத்திலிருந்து உத்தரவே வரவில்லை. அப்படி வந்தால் புரோலாக்டினும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், சாப்பாட்டின் மேல் பழி போடும் முன் மூளையடிச் சுரப்பியில் கோளாறு இல்லை என்று தெரிய வேண்டும். தூக்கம் கெட்டாலும் இந்த எண்கள் இறங்கும். ஆக, இன்னும் இது சந்தேகம்தான், தீர்ப்பு இல்லை.

விடியல்ஓட்டம், பிப்ரவரி 20, இரவு 9.00

வேறு மருத்துவர். எல்ஹெச் ஏறவில்லை, 2.3. புரோலாக்டின் சரி. இவர் உட்கார வைத்து அரை மணி நேரம் கேட்டார். "மூன்று மாதம் சாப்பாட்டை ஏற்றிப் பாருங்கள், அப்புறம் மறுபடி ரத்தம்" என்றார்.

நாளையிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஆப்பை அழித்துவிட்டேன், எண்ணைத் துரத்தப் போவதில்லை. மூன்றே மாற்றம். ஓடுவதற்கு முன் இரண்டு வாழைப்பழமும் ஒரு தம்ளர் சர்க்கரை போட்ட பாலும். ஓடி வந்து அரை மணிக்குள் ரொட்டியும் இரண்டு முட்டையும், பசித்தாலும் பசிக்காவிட்டாலும். இரவில் தட்டு நிறையக் காய்தான் போட்டுக்கொள்வேன். வயிறு நிறையும், ஆற்றல் கம்மி. அதில் பாதியை எடுத்துவிட்டு மாவுச்சத்து. கரண்டியின் கணிப்பில் எல்லாம் சேர்ந்து நாளுக்கு 450 கலோரி ஏறும். முதல் மூன்று வாரம் ஓட்டத்தை 30 கி.மீ.க்கு இறக்குகிறேன்.

விசில், பிப்ரவரி 21, காலை 6.00

ஒரே நேரத்தில் ஓட்டத்தையும் குறைத்து, சாப்பாட்டையும் ஏற்றினால் எது வேலை செய்தது என்று எப்படித் தெரியும்? ஒவ்வொன்றாகச் செய் தம்பி.

கரண்டி, பிப்ரவரி 21, காலை 9.30

விசில் சார் கேட்பது நியாயம். ஆனால் அவர் உடம்பு சரியாக வேண்டும், அதுதான் முதல் வேலை. ஆற்றல் பற்றாக்குறை என்றால் செலவைக் குறைப்பதும் வரவைக் கூட்டுவதும் ஒரே வைத்தியத்தின் இரண்டு கை. நீங்கள் சொன்ன ஓய்வு ஏன் சில பேருக்குப் பலிக்கிறது என்பதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம். ஓடாமல் இருந்தாலும் அதே அளவு சாப்பிட்டால் பற்றாக்குறை தானாகவே மூடிக்கொள்கிறது. டிசம்பரில் சளியில் படுத்தபோது அவருக்கு ஒரு வாரம் நன்றாக இருந்ததே, அது என் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

சோதனை வேண்டுமென்றால் பின்னால் ஒன்று இருக்கிறது. சாப்பாட்டை மேலேயே வைத்துக்கொண்டு ஓட்டத்தைத் திரும்ப 60க்கு ஏற்றட்டும். அப்போது என்ன ஆகிறது என்று பார்ப்போம்.

விடியல்ஓட்டம், மார்ச் 2, இரவு 10.10

பத்து நாள். வயிறு உப்புசம். எடை 64.9, அதாவது 0.9 ஏறிவிட்டது. கண்ணாடி முன் நின்று வயிற்றைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு நாள் எடையைக் குறித்து வைத்த பழக்கம் வெறும் பதிவு இல்லை, பயம் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. நிறுத்திவிடலாமா என்று இரண்டு முறை தோன்றியது.

கரண்டி, மார்ச் 2, இரவு 10.35

நிறுத்த வேண்டாம். காலியாக இருந்த தசையில் மாவுச்சத்து சேர்கிறது, அது தன் எடையைப் போல மூன்று மடங்கு தண்ணீரையும் கூடவே பிடித்து வைக்கும். பத்து நாளில் ஒரு கிலோ கொழுப்பு ஏற, நாளுக்கு 700 கலோரிக்கு மேல் மிஞ்ச வேண்டும். நீங்கள் ஏற்றிய 450ஓடு ஓட்டம் குறைந்ததில் மிஞ்சும் 270ஐயும் சேர்த்தாலும் அவ்வளவும் கொழுப்பாகாது, நிறுத்தி வைத்த வேலைகளுக்கும் உடல் செலவழிக்கிறது. தராசை ஒரு மாதம் அலமாரிக்குள் வையுங்கள்.

விடியல்ஓட்டம், மார்ச் 5, காலை 5.40

இன்று விழித்தபோது மணி 5.15. மூன்றரைக்கு எழவே இல்லை.

விடியல்ஓட்டம், மார்ச் 12, இரவு 11.30

தூக்கம் திரும்பிவிட்டது, விரல்கள் குளிரவில்லை. ஆனால் மனசு மட்டும் கீழேயே கிடக்கிறது. இன்னும் சொன்னால் மோசம். சோர்வு இருந்தபோது அதன் மேல் பழியைப் போட முடிந்தது. இப்போது உடம்பு எழுந்துகொள்கிறது, எதற்கு எழ வேண்டும் என்றுதான் தெரியவில்லை.

மலையேறி, மார்ச் 12, இரவு 11.42

அண்ணா, நேராகக் கேட்கிறேன். செத்துப்போகலாம் என்ற நினைப்பு வருகிறதா?

விடியல்ஓட்டம், மார்ச் 12, இரவு 11.50

இல்லை. அது வரவில்லை. கேட்டதற்கு நன்றி தங்கச்சி, இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

கரண்டி, மார்ச் 13, காலை 6.30

இப்போதுதான் பார்த்தேன். மூன்று மாதச் சோதனை முடியட்டும் என்று மனசைக் காக்க வைக்காதீர்கள். சாப்பாடு குறைந்தால் மனசு வாடும் என்பது உண்மை. மனசு வாடினால் சாப்பாடு குறையும் என்பதும் உண்மை. எது முதலில் வந்தது என்று உங்கள் விஷயத்தில் எனக்குத் தெரியாது. மனச்சோர்வு தனி நோயாகவே இருக்கலாம், அதற்கு வைத்தியம் உண்டு. இந்த வாரமே அந்த இரண்டாவது மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள். என்றைக்காவது மலையேறி கேட்ட நினைப்பு வந்தால், அன்றைக்கே, எந்த நேரமானாலும் யாரிடமாவது சொல்லிவிட்டு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

விடியல்ஓட்டம், மார்ச் 19, இரவு 9.15

போனேன். மனநல ஆலோசகரிடம் அனுப்பினார், வாரம் ஒரு அமர்வு. மாத்திரை இப்போதைக்கு வேண்டாம் என்று பேசி முடிவு செய்தோம். விசில் சார், உங்கள் கணக்கில் இப்போது மூன்றாவது மாற்றமும் சேர்ந்துவிட்டது.

விசில், மார்ச் 20, காலை 6.05

கணக்கு கிடக்கட்டும். நீ போனதே பெரிய விஷயம் தம்பி.

விடியல்ஓட்டம், மார்ச் 27, இரவு 8.50

ஆலோசகர் பேச்சுவாக்கில் மினசோட்டா பட்டினிச் சோதனை பற்றிச் சொன்னார். தேடிப் படித்து மூன்று இரவு போய்விட்டது. 1944, 45ல் நடந்தது. 36 இளைஞர்கள், ஆரோக்கியமானவர்கள் என்று பார்த்து எடுத்தவர்கள். ஆறு மாதம் பாதிச் சாப்பாடு, வாரத்துக்கு 35 கி.மீ. நடை. குளிர், எரிச்சல், ஆசையே அற்றுப்போவது, எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. மனதில் எந்தக் குறையும் இல்லாமல் வந்தவர்கள் மனச்சோர்வில் விழுந்தார்கள். சாப்பாட்டைக் கூட்டிய பிறகும் மனசு உடனே எழவில்லை, உடம்புக்குப் பின்னால் மெதுவாக வந்தது. மார்ச் 12ல் நான் எழுதியது அதுவேதான் என்று தோன்றியது.

கரண்டி, மார்ச் 28, காலை 7.15

ஒரு வித்தியாசத்தை மறக்காதீர்கள். அவர்கள் உடல் எடையில் கால் பங்கை இழந்தவர்கள். உங்கள் எடை நகரவில்லை. சாப்பாடு ஒன்றே மனசைச் சாய்க்க முடியும் என்று அந்தச் சோதனை காட்டுகிறது. உங்கள் மனசை அதுதான் சாய்த்தது என்று காட்டவில்லை.

நீச்சல்காரி, ஏப்ரல் 9, மாலை 5.30

மருத்துவரைப் பார்த்தேன். மாத்திரையை நிறுத்திப் பார்க்கிறோம். எலும்பு அடர்த்தி இடுப்பில் சரி, முதுகெலும்பில் வயதுக்குக் குறைவு. எனக்கு 23 வயசு. காலை நீச்சலுக்கு முன் சாப்பிட ஆரம்பித்திருக்கிறேன். கோச்சிடம் சொன்னால், "எடை ஏறினால் நேரம் போய்விடும்" என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

விசில், ஏப்ரல் 9, இரவு 7.10

அந்த வாக்கியத்தை நானும் பல பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன் அம்மா. அதில் இரண்டு பேருக்குக் கால் எலும்பு விரிசல் விட்டது. மைதானம் கெட்டி என்று நினைத்தேன். உன் கோச்சிடம் அந்த ஸ்கேன் அறிக்கையைக் கையில் கொடு. வாய்ப்பேச்சுக்கு அசையாதவர்கள் தாளுக்கு அசைவார்கள்.

விடியல்ஓட்டம், ஏப்ரல் 18, இரவு 9.40

எட்டாவது வாரம். நான்காவது வாரத்திலிருந்து ஓட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி இந்த வாரம் 60 தொட்டாயிற்று. சாப்பாடு அப்படியே. பழைய வேகத்தில் பேசிக்கொண்டே ஓடுகிறேன். காலையில் விறைப்பு வாரத்தில் நான்கைந்து நாள் திரும்பியிருக்கிறது. தராசை இன்று வெளியே எடுத்தேன், 65.6.

பிப்ரவரி 6ல் 22 என்று கணக்குப் போட்டு எழுதினேனே, அதை யாரும் எடுத்துக் காட்டாகக் கொள்ள வேண்டாம். கடிகாரக் கணக்கு தப்பு. அடுத்து, பிப்ரவரி 3ல் கேட்ட கேள்வியே பாதி தப்பு. எடை இறங்கியதா என்று மட்டும் கேட்டேன். அந்த எடையைப் பிடித்து வைக்க உடம்பு எதையெல்லாம் நிறுத்தியது என்று கேட்கவில்லை.

மலையேறி, ஏப்ரல் 19, காலை 8.00

சந்தோஷம் அண்ணா. ஆனால் இதைப் படித்துவிட்டு அடுத்து வருபவர் ரத்தம் பார்க்காமல் வாழைப்பழத்தில் ஆரம்பித்துவிடக் கூடாது. என் இரண்டு மாதம் அப்படித்தான் போயிற்று.

விடியல்ஓட்டம், மே 24, இரவு 8.30

மறுபரிசோதனை. டெஸ்டோஸ்டிரோன் 410. டி3 அளவின் நடுவில். ஃபெரிட்டின் 51, அதாவது அதில் மாற்றம் இல்லை. மனசு நன்றாக இருக்கிறது. தினமும் இல்லை, ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு மூன்று மணி நேரம் பேசியிருக்கிறேன், நேரம் போனதே தெரியவில்லை. அதில் சாப்பாட்டின் பங்கு எவ்வளவு, ஆலோசகரின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியவில்லை. தூக்கமும் குளிரும் ஆலோசகரைப் பார்க்கும் முன்பே சரியாகிவிட்டதால் அவை சாப்பாட்டின் கணக்கு அல்லது ஓய்வின் கணக்கு. ஓட்டம் 60க்கு வந்தும் ஐந்து வாரமாக எதுவும் சரியவில்லை, டிசம்பரில் ஒரே வாரத்தில் சரிந்தது. அதனால் ஓய்வை விடச் சாப்பாட்டின் பக்கம்தான் நான் சாய்கிறேன்.

விசில், மே 25, காலை 6.00

ஒப்புக்கொள்கிறேன், ஆனால் முழுதாக இல்லை. இப்போது நன்றாகத் தூங்குகிறாய், அதுவே பாதிப் பயிற்சி. உண்மையில் தெரிய வேண்டுமென்றால் சாப்பாட்டை ஒரு மாதம் பழையபடி இறக்கிப் பார். திரும்பச் சரிந்தால் சாப்பாடு, சரியாவிட்டால் வேறு.

விடியல்ஓட்டம், மே 25, காலை 6.20

சார், நீங்கள் கேட்பது புரிகிறது, அது ஒன்றுதான் சரியான சோதனை என்பதும் தெரியும். செய்ய மாட்டேன். அந்தப் படியில் திரும்ப உட்கார எனக்கு மனசில்லை. நான் கிளம்புகிறேன், இன்று 16 கி.மீ.